சொல் வேண்டும்: மெய்நிகர் கணினிக்கும் ஓம்புகணினிக்கும் நடுவே உள்ள கோப்புறை

மலர்விழி எழுதியது:

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

விர்ச்சுவல்பாக்ஸ் பயிற்சிக் கையேடு ஒன்றைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். மெய்நிகர் கணினி, அதைத் தாங்கும் ஓம்புகணினி, உள்ளே ஓடும் விருந்துக் கணினி ஆகிய சொற்களை முன்பே இங்கு பேசி ஏற்றுக்கொண்டோம். திரையில் `Shared Folders` என்று வருவதை மட்டும் 'பகிர்ந்த கோப்புறை' என்று எழுதியிருந்தேன். அந்தச் சொல்லால் ஒரு பயிற்சி மாணவருக்கு இழப்பு நேர்ந்துவிட்டது.

அவருடைய மடிக்கணினியில் விண்டோஸ், அதனுள் உபுண்டு. `D:\pani` என்ற கோப்புறையை உபுண்டுவுக்குத் திறந்து விட்டிருந்தார். உபுண்டுவில் இடம் குறைந்ததும், அங்கே தெரிந்தது வெறும் நகல் என்று நம்பி `rm` கொடுத்து எல்லாவற்றையும் அழித்தார். விண்டோஸுக்குத் திரும்பிப் பார்த்தால் கோப்புறை காலி. குப்பைத் தொட்டியிலும் ஒன்றும் இல்லை. முந்தின நாள் எடுத்த நிலைப்பதிவுக்கு உபுண்டுவைத் திருப்பினார், அப்போதும் வரவில்லை. நிலைப்பதிவு விருந்துக் கணினியின் வட்டை மட்டுமே பழைய நிலைக்குக் கொண்டுபோகும். `D:\pani` அந்த வட்டில் இல்லவே இல்லை.

"பகிர்ந்தது என்றுதானே அக்கா எழுதியிருந்தீர்கள்" என்றார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சோற்றைப் பகிர்ந்தால் ஆளுக்கு ஒரு பங்கு. படத்தைப் பகிர்ந்தால் என்னிடம் ஒன்று, உங்களிடம் ஒன்று. இங்கே இருப்பதோ ஒரே ஒரு கோப்பு. இதைச் சரியாகச் சொல்லும் சொல் வேண்டும்.

குமரேசன் எழுதியது:

மலர்விழி, 'பொதுக் கோப்புறை' என்று வைத்துவிடுங்கள். இரண்டு கணினிக்கும் பொது, பொருள் தெளிவு. இது அலுவலகங்களில் வலைப்பின்னல் வழியாகத் திறந்து வைக்கும் கோப்புறை போன்றதுதான். விருந்துக் கணினியில் விண்டோஸ் இருந்தால் `\\vboxsvr\pani` என்று வலைப்பின்னல் முகவரியாகவே தெரியும், நானே பார்த்திருக்கிறேன். ஆகவே 'வலைப் பொதுக் கோப்புறை' என்றாலும் தகும். வலைப்பின்னல் அறுந்தால் கோப்புறையும் போய்விடும் என்று கையேட்டில் ஒரு வரி சேருங்கள்.

ரஹீம் எழுதியது:

எனக்கும் இதில்தான் சிக்கல். கோப்புறையைச் சேர்த்துவிட்டேன். உபுண்டுவில் பெயரும் தெரிகிறது, திறந்தால் அனுமதி இல்லை என்கிறது. விண்டோஸில் எல்லா அனுமதியும் கொடுத்துப் பார்த்துவிட்டேன். அனுமதிக்கு என்ன சொல் என்பதுதான் கேள்வி என்றால் 'இசைவு' என்று வைக்கலாம். ஆனால் முதலில் என் கோப்புறை திறக்க வழி சொல்லுங்கள்.

அருளப்பன் எழுதியது:

ரஹீம் தம்பி, முதலில் உங்களுடையதை முடித்துவிடுவோம். முனையத்தில் இப்படிக் கேளுங்கள்:

```
ls -ld /media/sf_pani
```

`drwxrwx---` என்று தொடங்கி, பின்னால் `root vboxsf` என்று வரும். மூல நிருவாகிக்கும் `vboxsf` குழுவில் இருப்பவர்களுக்கும் மட்டுமே கதவு திறந்திருக்கிறது என்று பொருள். நீங்கள் அந்தக் குழுவில் இல்லை. விண்டோஸில் எவ்வளவு அனுமதி கொடுத்தாலும் இது மாறாது. `chmod` கொடுத்தும் பயனில்லை, அந்த எழுத்துகள் கோப்புறையைப் பொருத்தும்போதே தீர்மானமாகிவிடுகின்றன. செய்ய வேண்டியது:

```
sudo usermod -aG vboxsf $USER
```

அதன்பின் வெளியேறி மீண்டும் உள்நுழையுங்கள். பலர் இதைச் செய்யாமல் கட்டளை வேலை செய்யவில்லை என்று எண்ணிக்கொள்கிறார்கள்.

இனிச் சொல்லுக்கு வருகிறேன். குமரேசன் ஐயா சொன்ன `\\vboxsvr` முகவரி உண்மைதான். ஆனால் அது பார்வைக்கு மட்டுமே வலைப்பின்னல் போல இருக்கிறது. மெய்நிகர் கணினியின் வலைப்பின்னல் அட்டையை அமைப்பில் அணைத்துவிட்டுத் திறந்து பாருங்கள், கோப்புறை அப்படியே இருக்கும். கெஸ்ட் அடிஷன்ஸ் நிறுவும்போது வரும் `vboxsf` இயக்கி, விர்ச்சுவல்பாக்ஸிடம் நேராகக் கேட்கிறது. விர்ச்சுவல்பாக்ஸ் ஓம்புகணினியின் வட்டில் படித்துக் கொடுக்கிறது, அல்லது எழுதுகிறது. வட்டும் கோப்பும் என்றும் ஓம்புகணினியுடையவையே.

அதனால்தான் அங்கே ஓம்புகணினியின் சட்டம் நடக்கிறது. உபுண்டுவின் சொந்த வட்டில் `Kanakku.txt`, `kanakku.txt` இரண்டும் தனித்தனிக் கோப்புகளாக இருக்கலாம். `D:\pani`யில் முடியாது. பெரிய எழுத்து, சின்ன எழுத்து வேறுபாட்டை விண்டோஸ் பார்ப்பதில்லை, எனவே இரண்டாவதை எழுதினால் முதலாவதன் மேல் போய் விழும். லினக்ஸில் நன்றாக ஓடும் நிரல், இந்தக் கோப்புறைக்குள் வந்ததும் விரிசல் விடுவதற்கு இது ஒரு காரணம்.

இவற்றை எல்லாம் எண்ணி நான் முன்வைக்கும் சொல் 'திண்ணைக் கோப்புறை'. விருந்தினர், ஓம்புதல் என்று சொல்லத் தொடங்கிவிட்டோம், வீட்டை ஏன் பாதியில் விட வேண்டும்? திண்ணை வீட்டுக்காரருடையது. விருந்தினர் அதில் அமரலாம், பொருளை வைக்கலாம், எடுக்கலாம். உள்ளறைகள் அவருக்குத் தெரியாது. எந்த இடம் திண்ணை என்று தீர்மானிப்பதும் வீட்டுக்காரர்தான். விருந்துக் கணினி தானாக `C:` வட்டைத் திறந்துகொள்ள முடியாது. திண்ணையில் கிடந்த பொருளைத் தூக்கி எறிந்தால் வீட்டுப் பொருளே போயிற்று என்பதும் யாருக்கும் விளங்கும்.

குமரேசன் எழுதியது:

அட்டையை அணைத்துப் பார்த்தேன். கோப்புறை இருக்கிறது. வலை என்ற முன்னொட்டை எடுத்துவிடுகிறேன், கையேட்டில் அந்த வரியும் வேண்டாம்.

ஆனால் திண்ணையை ஏற்க என்னால் முடியவில்லை. எங்கள் ஊரில் திண்ணை தெருவுக்குத் திறந்தது, வழிப்போக்கர் யாரும் வந்து படுப்பார்கள். இந்தக் கோப்புறையோ அமைப்பில் குறித்த அந்த ஒரு மெய்நிகர் கணினிக்கு மட்டும்தான். திண்ணை என்று படித்துவிட்டு, வீட்டு வலைப்பின்னலில் எல்லோருக்கும் தெரியும் என்று இன்னொருவர் அஞ்சமாட்டாரா? தவிர, தேடுபொறியில் இந்தச் சொல்லைத் தட்டினால் உதவிப் பக்கம் எதுவும் கிடைக்காது.

ரஹீம் எழுதியது:

திறந்துவிட்டது அண்ணா, மிக்க நன்றி. வெளியேறி உள்நுழைந்த பிறகுதான் திறந்தது. சொல் எதுவாக இருந்தாலும் குழு பற்றிய அந்த வரி கையேட்டில் இருக்கட்டும்.

மலர்விழி எழுதியது:

குமரேசன் ஐயா எழுப்பிய தடை நியாயமானது. 'பொது' என்பதிலும் அதே இடர் இருக்கிறது ஐயா, விண்டோஸிலேயே `Public` என்ற பெயரில் வேறொரு கோப்புறை உண்டு.

இப்போதைக்குத் தலைப்பில் 'பகிர் கோப்புறை' என்று வைக்கிறேன், தேடுவோர் கண்ணில் படட்டும். 'பகிர்ந்த' என்ற இறந்தகாலம்தான் கொடுத்து முடித்த தோற்றத்தைத் தருகிறது, அதை நீக்கிவிட்டேன். முதல் பத்தி இப்படி வருகிறது: "பகிர் கோப்புறை ஓம்புகணினியின் திண்ணை போன்றது. அங்கே இருப்பது நகல் அன்று. விருந்துக் கணினியில் அழித்தால் மூலமே அழியும், நிலைப்பதிவு அதை மீட்காது."

பயிற்சியில் முதல் வாரம் படிக்க மட்டுமான கோப்புறையாகவே திறக்கச் சொல்லப் போகிறேன். அமைப்புத் திரையில் `Read-only` கட்டத்தைக் குறித்தால் போதும். கட்டளையாக வேண்டுவோர் ஓம்புகணினியில், மெய்நிகர் கணினி நின்றிருக்கும்போது இதைக் கொடுக்கலாம்:

```
VBoxManage sharedfolder add "Ubuntu" --name pani --hostpath "D:\pani" --readonly --automount
```

அருளப்பன் அண்ணா, உங்கள் மடலில் 'பொருத்தும்போது' என்று எழுதினீர்கள். `mount` என்பதற்கு நான் 'ஏற்று' என்று எழுதி வந்தேன், பதிவேற்றுதலோடு குழம்புகிறது. 'பொருத்து' என்றால் அதன் எதிர்ச்செயலுக்கு 'கழற்று' என்று எழுதலாமா? இதற்குத் தனி மடல் தொடங்குகிறேன்.