தம்பியை ‘அண்ணன்’ என்று கூப்பிடுகிறாள். உங்கள் வீட்டில் எப்படிப் புரிய வைத்தீர்கள்?

தக்கலை அம்மா:
என் மகளுக்குப் போன மாதம் நான்கு வயது முடிந்தது. யார் கேட்டாலும் நான்கு விரலை நீட்டி, “நான்கு” என்று டக்கென்று சொல்லுவாள். எனக்கு அதில் பெருமைதான். சென்ற ஞாயிறு தங்கை தன் மகனோடு வந்தாள். அவனுக்கு மூன்று வயது. ஆனால் இவளைவிட நான்கு விரற்கடை உயரம். இவள் அவனை அண்ணன் என்கிறாள்! “நீதான் அக்கா” என்றால், அவனைச் சுவரோரம் நிறுத்தி, “அவன்தானே பெரியவன், பாருங்கள்” என்று வாதாடுகிறாள். என்ன செய்யலாம்?

மார்த்தாண்டம் அப்பா:
தினமும் பல் தேய்க்கும்போது வயதைக் கேளுங்கள். என் மகனுக்குப் பத்தே நாளில் மனப்பாடம் ஆகிவிட்டது. எண் தெரிந்துவிட்டால் மூத்தவர், இளையவர் எல்லாம் தானாக வந்துவிடும்.

குளச்சல் அக்கா:
என் மகனுக்கு மூன்று வயது பத்து மாதம். எல்.கே.ஜி.யில் சேர்க்க மூன்று என்று எழுதவா, நான்கு என்று எழுதவா?

திருவட்டாறு அங்கன்வாடி டீச்சர்:
குளச்சல் தங்கச்சி, பிறப்புச் சான்றிதழில் உள்ள தேதியை அப்படியே எழுதுங்கள், மீதியைப் பள்ளியில் கணக்குப் பார்த்துக்கொள்வார்கள்.

மார்த்தாண்டம் தம்பி சொல்வது பாதி சரி. சொல்ல வந்துவிடும், தன் பெயரைச் சொல்வது போலத்தான் பிள்ளை வயதையும் சொல்லும். சோதித்துப் பார்க்க எளிய வழி உண்டு. ஒரு குவியல் சிரட்டையை வைத்து, “நான்கு எடுத்துக் கொடு மக்களே” என்று கேளுங்கள். எண்ணி நிறுத்தாமல் கை கொண்டமட்டும் அள்ளிக் கொடுத்தால், நான்கு என்பது அதற்கு இன்னும் ஒரு சொல் மட்டுமே.

அடுத்த சிக்கல் நம் பேச்சிலேயே இருக்கிறது. உயரமானவனையும் பெரியவன் என்கிறோம், முதலில் பிறந்தவனையும் பெரியவன் என்கிறோம். பிள்ளை கண்ணுக்குத் தெரிவதைப் பிடித்துக்கொள்கிறது. ஆகவே கொஞ்ச நாள் அந்தச் சொல்லையே விட்டுவிட்டு, “யார் முதலில் பிறந்தது?” என்று கேளுங்கள்.

விளையாட்டு இதுதான். தரையில் ஒரு கோடு போட்டு, இருவருக்கும் தனித்தனி வரிசையாக, முடிந்த வயது ஒவ்வொன்றுக்கும் ஒரு சிரட்டை வைக்க வேண்டும். இரண்டு வரிசையும் அந்தக் கோட்டிலிருந்தே தொடங்கட்டும். புளியங்கொட்டை வேண்டாம், வாயிலும் மூக்கிலும் போட்டுக்கொள்வார்கள்.

தக்கலை அம்மா:
செய்து பார்த்தேன் டீச்சர். நான்கு சிரட்டையைச் சரியாக எண்ணிக் கொடுத்தாள். ஆனால் வரிசையில் அவன் தன் மூன்றையும் தள்ளித் தள்ளி வைத்துவிட்டான், வரிசை நீளமாகிவிட்டது. “பாருங்கள், அண்ணனுக்குத்தான் நிறைய” என்கிறாள்! ஒன்றையொன்று தொடும்படி நெருக்கி அடுக்கிய பிறகே தன் பக்கம் ஒன்று மிஞ்சுவதைக் கண்டாள். மிஞ்சிய சிரட்டையைக் கையில் எடுத்து, “இது என்ன?” என்றாள்.

அவளுடைய முதல் பிறந்தநாள் போட்டோவை எடுத்துக் காட்டினேன். சித்தி அதில் நிற்கிறாள். “தம்பி எங்கே?” என்று தேடினாள். “அவன் அன்றைக்குப் பிறக்கவே இல்லை, அந்தச் சிரட்டை அதுதான்” என்றேன். வெகுநேரம் போட்டோவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

குலசேகரம் தாத்தா:
எங்கள் விளையில் பேரனுக்கு நான் காட்டியது வேறு. தென்னம்பிள்ளை வைத்து இரண்டு வருடம், அவன் நெஞ்சளவுதான் இருக்கிறது. அருகில் போன வருடம் வைத்த செவ்வாழை என் தலைக்கு மேல் போய்விட்டது. “எது மூத்தது?” என்றேன். வாழையைக் காட்டினான். தென்னை நடும்போது குழியில் தண்ணீர் ஊற்றியவனே அவன்தான். அதை நினைவுபடுத்தியதும் கையை மாற்றினான். மறுநாள் காலையில் மறுபடி வாழை என்கிறான், அது வேறு கதை.

நாகர்கோவில் சித்தப்பா:
என் அண்ணன் மகளுக்கு ஐந்து முடிந்தபோது வீட்டில் துக்கம், கேக் வெட்டவில்லை. மூன்று மாதம் ஆகியும் “எனக்கு நான்குதான்” என்றாள். கேக் வெட்டினால்தான் வயது ஏறும் என்று நினைத்திருக்கிறாள். நாட்காட்டியைக் காட்டியும் பார்த்தோம், ஒத்துக்கொள்ளவில்லை. கடைசியில் அண்ணி கேக் வாங்கி வந்துவிட்டார். அது சரியா தவறா, தெரியவில்லை.

திருவட்டாறு அங்கன்வாடி டீச்சர்:
நானாக இருந்தால் வாங்கியிருக்க மாட்டேன். அவள் நினைப்பு உறுதியாகிவிட்டதே!

தக்கலை அம்மா:
இப்போது தம்பி என்று கூப்பிடுகிறாள். ஆனால் நேற்று இரவு புதிதாக ஒன்று கேட்டாள்: “அவனுக்கு நான்கு வந்துவிட்டால் நாங்கள் இரண்டு பேரும் சமமா? அதற்கு அடுத்து அவன் அண்ணனா?” அவன் வரிசையில் ஒன்று கூடும்போது அவள் வரிசையிலும் ஒன்று கூடியிருக்கும் என்று வைத்துக் காட்டினேன். இரண்டு முறை அடுக்கிப் பார்த்தாள். பிறகு அவன் பக்கத்துச் சிரட்டை ஒன்றை எடுத்துத் தன் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு தூங்கிவிட்டாள்.