புதுப்பிப்பு: இரண்டு வழி ஒப்பீட்டு ஸ்லைடு, முடிவோடு

கேட்டது: "ஷூ அப்பருக்குக் கட்டிங் மெஷின் வாங்குவதா, வெளியில் வெட்டக் கொடுப்பதா? ஒரே ஸ்லைடில் முடிவோடு எப்படிக் காட்டுவது?"

எல்லோருக்கும் நன்றி. ராணிப்பேட்டை அண்ணன் சொன்னதுதான் பலித்தது. 'ஒப்பீடு' என்ற தலைப்பை எடுத்துவிட்டு, 'இந்த வருடம் வெளியில் வெட்டக் கொடுப்போம்' என்று முடிவையே எழுதினேன். இரண்டுக்கும் பொதுவான வரிகளை நீக்கியதும் முன்பணம், தோல் சேதாரம், டெலிவரி நாள் மட்டும் மிஞ்சின.

பச்சை, சிவப்பு போடச் சொன்னவர் பாதி சரி. கறுப்பு வெள்ளை பிரிண்டில் இரண்டும் ஒன்றாகிவிட்டன. அதனால் வெளியில் கொடுக்கும் வழியின் நெடுவரிசைத் தலையிலேயே 'பரிந்துரை' என்று எழுதி, மற்ற நெடுவரிசையை வெளிர் சாம்பலாக்கினேன்.

எதிர்பாராதது இதுதான்: மெஷினில்தான் சேதாரம் குறைவு என்பதை மறைக்காமல் விட்டிருந்தேன். ஆம்பூர் முதலாளி நேரே அங்கேதான் விரல் வைத்தார். "எவ்வளவு ஆர்டர் வந்தா மெஷின் வாங்கலாம்?" அந்த எண்ணை அடிவரியில் சேர்த்ததும் சரி என்றார்.

டெம்ப்ளேட் கேட்ட தம்பிக்கு: வெறும் அட்டவணைதான். வரிகளுக்கு மதிப்பெண் போடலாமா என்பது இன்னும் முடிவாகவில்லை.