ஸ்டார்ட்டரின் ‘ஹோல்டிங்’ காண்டாக்டுக்குத் தமிழில் என்ன சொல்வது?

கோவையிலிருந்து, கையேடு எழுதுபவர்

வணக்கம். எங்கள் குடியிருப்பின் மேல்தொட்டி தானாக நிரம்பும்படி மோட்டார் ஸ்டார்ட்டரில் மிதவை சுவிட்ச் இணைக்கும் முறையைத் தமிழில் எழுதிவருகிறேன். ஒரு சொல்லில் நின்றுவிட்டேன். பச்சைப் பொத்தானை அமுக்கினால் காயிலுக்கு மின்சாரம் போய், காண்டாக்டர் ‘டக்’ என்று இழுத்துக்கொள்கிறது. விரலை எடுத்த பிறகும் அது விடுவதில்லை. பக்கத்தில் 13, 14 என்று எண் போட்ட சிறு முனைகள் அதே இழுப்பில் சேர்ந்து, பொத்தான் கொடுத்த மின்சாரத்தைத் தாங்களே கொடுக்கின்றன. இதைத்தான் எலக்ட்ரீஷியன்கள் ஹோல்டிங் என்கிறார்கள். நான் ‘தாழ்முனை’ என்று எழுதியிருக்கிறேன். பொருந்துமா?

மதுரையிலிருந்து

தாழ்முனை அழகான சொல், அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். இணைப்பும் சுலபம்தான். மிதவையின் இரண்டு வயரையும் பச்சைப் பொத்தானுக்கு இணையாகக் கொடுத்தால் போதும். தண்ணீர் இறங்கியதும் விரலுக்குப் பதில் மிதவை ஸ்டார்ட் செய்துவிடும்.

சேலத்திலிருந்து, பேனல் வேலை செய்பவர்

மதுரைத் தம்பி, ஸ்டார்ட் ஆகும், ஆனால் நிற்காது. போன மாதம் ஓர் அடுக்குமாடியில் இதே இணைப்பைப் பார்த்தேன். 3 எச்.பி. மோட்டார், இரவெல்லாம் மாடியிலிருந்து தண்ணீர் வழிந்திருக்கிறது. மிதவை கெட்டுவிட்டது என்று புதிதாக வாங்கி மாட்டியும் வழிந்தது. நான் தொட்டிமேல் ஏறி மிதவையைக் கையால் தூக்கிப் பிடித்தேன், மோட்டார் ஓடிக்கொண்டே இருந்தது. மீட்டர் வைத்துப் பார்த்தால் மிதவை சரியாகத்தான் விலகுகிறது. ஆனால் அதற்குள் 13, 14 சேர்ந்துவிட்டதே, மிதவை விலகி என்ன பயன்? அதைவிட மோசம், மிதவை கீழே தொங்கும்போது சிவப்புப் பொத்தானை அமுக்கிவிட்டு விரலை எடுத்தால் மோட்டார் மறுபடி ஓடும்.

சிவப்புப் பொத்தானோடு தொடராகக் கொடுத்தால் தொட்டி நிரம்பியதும் நிற்கும், ஆனால் தானாகத் தொடங்காது. இரண்டும் வேண்டுமென்றால் ஒரு செலக்டர் சுவிட்ச் வையுங்கள். ‘கையால்’ என்ற நிலையில் பச்சைப் பொத்தானும் ஹோல்டிங்கும் இருக்கட்டும். ‘தானாக’ என்ற நிலையில் அவை இரண்டும் வெளியே போய், மிதவை மட்டுமே காயிலுக்குக் கொடுத்து வெட்ட வேண்டும். சிவப்புப் பொத்தானும் ஓவர்லோடின் 95, 96 முனைகளும் இரண்டு நிலைக்கும் பொதுவாக, முன்னால் இருக்க வேண்டும்.

இப்போது சொல்லுக்கு வருகிறேன். தாழ் போட்ட கதவு கரண்ட் போனாலும் திறக்காது. ஹோல்டிங் அப்படியில்லை. கரண்ட் போனால் விட்டுவிடும், திரும்பி வந்தாலும் பிடிக்காது. மோட்டாரைக் கழற்றி வேலை பார்க்கிறவன் உயிருக்கு அதுதான் காப்பு. ‘தானாக’ நிலையில் அந்தக் காப்பு கிடையாது, கரண்ட் வந்ததும் மோட்டார் சுற்றும். அதனால் மெயினை இறக்காமல் கை வைக்கக் கூடாது என்று கையேட்டில் பெரிதாக எழுதுங்கள். சொல்லிலிருந்து தாழை எடுத்துவிடுங்கள்.

கும்பகோணத்திலிருந்து

எங்கள் வீட்டிலும் மிதவைதான். பந்து ஒட்டிக்கொண்டு தண்ணீர் வழிகிறது, வாஷர் மாற்றியும் நிற்கவில்லை. ஸ்டார்ட்டர் மாற்ற வேண்டுமா?

சேலத்திலிருந்து

அம்மா, உங்களுடையது பால் வால்வு. அதில் மின்சாரமே இல்லை, பிளம்பரைக் கூப்பிடுங்கள்.

யாழ்ப்பாணத்திலிருந்து

இங்கே சுவிட்சை ஆளி என்போம், எனவே மிதவை ஆளி. ‘தாழ்’ பிழை என்பதை ஒப்புக்கொள்கிறேன். தன் இழுப்பாலேயே தன்னைப் பிடித்து வைத்திருப்பதால் ‘தற்பிடித் தொடுகை’ என்று சொல்லலாமே?

கோவையிலிருந்து, கையேடு எழுதுபவர்

தற்பிடி பொருளில் துல்லியம். ஆனால் எங்கள் எலக்ட்ரீஷியனிடம் சொல்லிப் பார்த்தேன், வாயில் வரவில்லை. ‘பிடிமுனை’ என்றதும், “பிடிக்கிற பாயிண்ட்தானே?” என்று கேட்டார். எனக்கு அதுவே போதும் என்று தோன்றுகிறது. அப்புறம் ஒரு சந்தேகம். எங்கள் மிதவையில் மூன்று வயர் வருகிறது, எந்த இரண்டு?

சேலத்திலிருந்து

நிறத்தை நம்பாதீர்கள். மீட்டரை பீப் நிலையில் வையுங்கள். மிதவை தொங்கும்போது ஒலித்து, தூக்கினால் நிற்கும் ஜோடிதான் மேல்தொட்டிக்கு. மீதி வயரை டேப் சுற்றி விடுங்கள். கேபிளில் கோத்த எடைக்கும் மிதவைக்கும் நடுவே நீளம் கூடினால், மோட்டார் தொடங்கும் மட்டமும் நிற்கும் மட்டமும் விலகும். ரொம்பக் குறுக்கினால் அடிக்கடி ஸ்டார்ட் ஆகி மோட்டார் சூடேறும்.

முதலில் காயிலைப் பாருங்கள். மூன்று பேஸ் ஸ்டார்ட்டரில் பலவற்றுக்கு 415 வோல்ட் காயில் இருக்கும், மிதவையோ பெரும்பாலும் 250 வோல்ட் வரைக்குத்தான். 240 காயில் மாற்றாமல் அதைத் தொட்டியில் தொங்கவிடாதீர்கள்.

பிடிமுனைக்கு என் ஓட்டு.

யாழ்ப்பாணத்திலிருந்து

முனை என்றால் வயர் முறுக்கும் இடமும் முனைதான். 13-ம் முனை, 14-ம் முனை, இரண்டும் சேர்ந்தது பிடிமுனை என்று எழுதினால் மாணவன் குழம்புவான். நான் இன்னும் தொடுகைப் பக்கம்தான்.

மதுரையிலிருந்து

என் வீட்டு மிதவையைத் தூக்கிப் பார்த்தேன் அண்ணா. மோட்டார் நிற்கவில்லை. இன்றே மாற்றுகிறேன். ‘கையால்’ நிலையில் ஓடும்போதும் தொட்டி நிரம்பினால் மிதவை நிறுத்த வேண்டாமா?

சேலத்திலிருந்து

மிதவை கெட்ட நாளில் தண்ணீர் ஏற்றத்தான் அந்த நிலை. நான் வைப்பதில்லை, வைக்கிறவர்களும் உண்டு.