தம்பி ப்ரொஃபசருக்கு எழுதின எக்ஸ்டென்ஷன் மெயில், அனுப்புறதுக்கு முன்னாடி பார்த்துக் கொடுத்த அனுபவம்

மதுரை அக்கா

என் சித்தி பையன் அமெரிக்கால எம்எஸ் படிக்கிறான். திங்கக்கிழமைல இருந்து காய்ச்சல், வியாழக்கிழமை ராத்திரி 11:59க்கு ஒரு ப்ரோக்ராமிங் அசைன்மென்ட் சப்மிட் பண்ணணும். புதன்கிழமை காலைல வாட்ஸப்ல டிராஃப்ட் அனுப்பி "அக்கா ஒரு தடவ பாத்துட்டு சொல்லு, அனுப்பிடறேன்"னான். மெயில் இங்கிலீஷ்ல தான், இங்க தமிழ்ல போடறேன்:

"சப்ஜெக்ட்: அவசரம். மதிப்பிற்குரிய ப்ரொஃபசர் அவர்களுக்கு, நான் உங்கள் வகுப்பு மாணவன். சில நாட்களாக கடுமையான காய்ச்சல், வாந்தி, எதுவும் சாப்பிட முடியவில்லை, இரவெல்லாம் தூக்கமில்லை. இந்த வாரம் வேறு இரண்டு பாடங்களுக்கும் சப்மிஷன் இருக்கிறது. எனவே அசைன்மென்ட் முடிக்க கூடுதல் அவகாசம் தந்து உதவுமாறு மிகவும் பணிவுடன் வேண்டுகிறேன். மார்க் குறைந்தால் என் ஸ்காலர்ஷிப் போய்விடும். நீங்கள் புரிந்துகொள்வீர்கள் என்று நம்புகிறேன். உடனே பதில் அனுப்பவும்."

படிச்சதும் முதல்ல தோணினது, இதுக்கு அந்த ப்ரொஃபசர் நல்ல மனசோட சரின்னு சொல்லணும்னு நினைச்சாலும் சொல்ல முடியாது. எந்த கோர்ஸ், எந்த செக்ஷன், எந்த அசைன்மென்ட், எது வரைக்கும் டைம் வேணும், ஒண்ணுமே இல்ல. அவர் திருப்பிக் கேட்டு இவன் பதில் போட்டு முடிக்கறதுக்குள்ள வியாழன் வந்துடும்.

டோன்லயும் ரெண்டு இடம் இடிச்சுது. மேல அவ்ளோ பணிவு, கீழ "உடனே பதில் அனுப்பவும்". அப்புறம் அந்த ஸ்காலர்ஷிப் வரி, அது அவர் தலைமேல பாரத்த தூக்கி வைக்கிற மாதிரி இருக்கு. வேற ரெண்டு சப்மிஷன் இருக்குங்கறது அதவிட மோசம், உன் பாடத்த கடைசில தள்ளிட்டேன்னு அவர்கிட்டயே சொல்ற மாதிரி ஆகுதுல்ல.

அவன சிலபஸ் ஷீட்ட திறந்து லேட் பாலிசி படிக்கச் சொன்னேன். செமஸ்டருக்கு மூணு லேட் டே ஃப்ரீ, யார்கிட்டயும் கேக்க வேண்டாம், அதுக்கு மேல ஒரு நாளைக்கு 10% கட்னு தெளிவா போட்டிருக்கு. இவன் ஒண்ணு ஏற்கனவே யூஸ் பண்ணிட்டான், மிச்சம் ரெண்டு. அப்படின்னா சனிக்கிழமை ராத்திரி வரைக்கும் அவனுக்கே உரிமை இருக்கு. உண்மைல அவன் கேக்க வேண்டியது ஒரே ஒரு நாள், ஞாயித்துக்கிழமை வரைக்கும்! கடைசில இப்படி மாத்தினோம்:

"சப்ஜெக்ட்: CS 520 செக்ஷன் 2, அசைன்மென்ட் 3, ஞாயிறு வரை எக்ஸ்டென்ஷன் கேட்டு. டியர் ப்ரொஃபசர், திங்கள் முதல் காய்ச்சலில் இருக்கிறேன், செவ்வாய் அன்று ஹெல்த் சென்டரில் டாக்டரைப் பார்த்தேன். வியாழன் சமர்ப்பிக்க வேண்டிய அசைன்மென்ட் 3இல் முதல் இரண்டு பகுதி முடிந்துவிட்டது, மூன்றாவது பகுதியும் ரிப்போர்ட்டும் பாக்கி. மீதமுள்ள இரண்டு லேட் டேயையும் பயன்படுத்துகிறேன், அது சனி வரை வரும். கூடுதலாக ஒரு நாள், ஞாயிறு இரவு 11:59 வரை, கட் இல்லாமல் தர முடியுமா? முடியாவிட்டால் சனிக்கிழமை முடிந்தவரை சமர்ப்பித்துவிடுகிறேன். ஹெல்த் சென்டர் விசிட்டுக்கான சான்று வேண்டுமென்றால் அனுப்புகிறேன். நன்றி." கீழ பேர், ஸ்டூடண்ட் ஐடி.

மத்தியானமே ரெண்டு வரில பதில் வந்துச்சு, ஓகே ஞாயிறு வரைக்கும், உடம்ப பாத்துக்கோன்னு. உங்களுக்கும் இப்படி பாத்துக் குடுத்த அனுபவம் இருந்தா சொல்லுங்க.

டிஏவா இருக்கேன்

அக்கா, நான் ப்ரொஃபசருக்கு உதவியா இருக்கிற டீச்சிங் அசிஸ்டன்ட், அந்தப் பக்கத்துல உக்காந்து இந்த மெயில் படிக்கிற ஆள். எங்க கோர்ஸ்ல இருநூறு பேருக்கு மேல. சரின்னு சொல்றது மட்டும் வேலை இல்ல, அசைன்மென்ட் அப்லோட் பண்ற கிரேட்ஸ்கோப் சைட்ல டியூ டேட், லேட் டியூ டேட்னு ரெண்டு இருக்கும், ரெண்டாவது தாண்டினா சப்மிஷன் மூடிடும், அந்த ஒரு பையனுக்கு மட்டும் உள்ள போய் புதுத் தேதி போடணும். அதுக்கு ரோஸ்டர்ல இருக்கிற பேர், செக்ஷன், சரியான தேதி நேரம் வேணும். "கொஞ்ச டைம்"னு வந்தா என்னத்த டைப் பண்றது?

இன்னொண்ணு, பசங்க பர்சனல் ஜிமெயில்ல இருந்து அனுப்புவாங்க. 1974ல வந்த ஃபெர்பா சட்டம் மாணவரோட படிப்பு விவரத்த பாதுகாக்குது, அதனால வெளி ஐடிக்கு மார்க் பத்தியோ சப்மிஷன் பத்தியோ பேச பல ப்ரொஃபசர்கள் தயங்குவாங்க, யுனிவர்சிட்டி மெயில்ல இருந்து திரும்ப அனுப்புன்னு தான் பதில் வரும், அதுல ஒரு நாள் போய்டும்.

ஏன் ஞாயிறு ஓகே ஆச்சுன்னும் யோசிங்க. பல கோர்ஸ்ல லேட் டே முடிஞ்சதும் சொல்யூஷன் வெளியிடுவாங்க. அது வெளிய வந்தப்புறம் யாருக்கும் தேதி நீட்ட முடியாது. சொல்யூஷன் எப்போ வருதுன்னு பாத்து அதுக்கு முன்னாடி ஒரு தேதி கேட்டா கிடைக்க வாய்ப்பு அதிகம்.

சேலம்காரன்

இவ்ளோ எழுதவே வேணாம்க. டாக்டர் சர்ட்டிபிகேட் அட்டாச் பண்ணிட்டா முடிஞ்சுது, அவங்க மறுக்கவே முடியாது. என் ஃப்ரெண்டுக்கு அப்படித்தான் கிடைச்சுது.

டிஏவா இருக்கேன்

சேலம் ப்ரோ, சான்று உதவும், ஆனா மறுக்க முடியாதுன்னு இல்ல. சாதாரண காய்ச்சலுக்கு பெரும்பாலும் ப்ரொஃபசர் முடிவு தான். மருத்துவ ரெக்கார்ட மொதல் மெயில்லயே அனுப்ப வேண்டாம், வேணும்னா தரேன்னு சொன்னா போதும், சில பேருக்கு அத வாங்கி வச்சுக்கறதே சங்கடம். நீண்டகாலப் பிரச்சனைன்னா கதை வேற, டிஸபிலிட்டி ஆபீஸ்ல பதிவு பண்ணி அவங்க லெட்டர் குடுத்தா அதுக்கு தனி வழி இருக்கு.

பொள்ளாச்சி செல்வி

நானும் எக்ஸ்டென்ஷன் கேட்டேன்பா, தொலைதூரக் கல்வில எக்ஸாம் ஃபீஸ் கட்ட தேதி முடிஞ்சு போச்சு. யாருக்கு மெயில் போடணும்? ஃபைனோட கட்டலாமா?

மதுரை அக்கா

செல்வி, அது ப்ரொஃபசர் கைல இல்லம்மா, எக்ஸாம் செக்‌ஷன் தான். நோட்டிஃபிகேஷன்ல ஃபைனோட கட்டற தேதின்னு தனியா போட்டிருக்கான்னு மொதல்ல பாரு, என்ரோல்மென்ட் நம்பர கைல வச்சுக்கிட்டு போன் பண்ணு.

காலேஜ்ல பாடம் எடுக்கறேன்

நம்ம ஊர்ல நான் வாங்கற மெயில் பத்தி சொல்றேன். "ரெஸ்பெக்டட் மேடம்"னு போடறது எனக்கு தப்பா தெரியல, இங்க அது மரியாதை தான். அங்க டியர் ப்ரொஃபசர்னா இங்கயும் அப்படியே எழுதணும்னு இல்ல. ஆனா எனக்கு வேண்டிய விவரம் ஒண்ணு தான் எப்பவும் இருக்காது, எவ்ளோ முடிச்சிருக்கன்னு. பாதி முடிச்சவனுக்கு ரெண்டு நாள் குடுக்கலாம், தொடங்காதவனுக்கு ரெண்டு நாள் குடுத்தா ரெண்டு நாள் கழிச்சு அதே மெயில் வருது. இன்டர்னல் மார்க் போர்ட்டல்ல ஏத்தற கடைசித் தேதி எனக்கும் இருக்கு, அது மூடிட்டா நான் இரக்கப்பட்டும் ஒண்ணும் ஆகாது.

அப்புறம் இறப்பு, வீட்டுப் பிரச்சனை மாதிரி விஷயம்னா ஒரு வரி போதும். பாட்டி இறந்ததை ஒரு பொண்ணு ரெண்டு பக்கம் எழுதியிருந்தா, படிச்சு மனசு கனமா ஆச்சு, ஆனா எந்த அசைன்மென்ட்னு கடைசி வரைக்கும் இல்ல. நானே கூப்ட்டு கேட்டேன்.

சேலம்காரன்

சரி, டெட்லைன் நேத்தே முடிஞ்சுட்டா? அப்பவும் மெயில் போடலாமா இல்ல முடிஞ்ச வரைக்கும் சப்மிட் பண்ணிட்டு பேசலாமா?

டிஏவா இருக்கேன்

மொதல்ல இருக்கறத அப்லோட் பண்ணுங்க, மூடாம இருந்தா. டைம் ஸ்டாம்ப் விழும். அப்புறம் மெயில்.

காலேஜ்ல பாடம் எடுக்கறேன்

எனக்கு அப்படி இல்ல. அரைகுறையா ஏத்திட்டா அத தான் நான் திருத்துவேன். மொதல்ல மெயில் போட்டு கேட்டா நல்லது.

டிஏவா இருக்கேன்

கிரேட்ஸ்கோப்ல திரும்ப ஏத்தலாம் மேடம், கடைசியா ஏத்தினது தான் எடுத்துக்கும். உங்க போர்ட்டல்ல ஒரு தடவ தான்னா நீங்க சொல்றது தான் சரி. ரீசப்மிட் இருக்கான்னு பாத்துட்டு முடிவு பண்ணுங்க ப்ரோ.