ஜி ஷார்ப்பா, ஏ ஃப்ளாட்டா: ஒரே கட்டைக்கு எதற்கு இரண்டு எழுத்து?

கறுப்புக்கட்டை
ஏ மைனரில் ஒரு பாட்டு. மிடி ஃபைலை நோட்டேஷன் சாஃப்ட்வேரில் ஏற்றி, பிரிண்ட் எடுத்து வயலின்காரரிடம் கொடுத்தேன். அதில் ஜி-க்கும் ஏ-க்கும் நடுவில் உள்ள கறுப்புக் கட்டை எல்லா இடத்திலும் ஏ ஃப்ளாட் என்று வந்திருக்கிறது. அவர் "இதை ஜி ஷார்ப்பா மாத்திக் கொண்டு வாங்க" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். கட்டை ஒன்று, ஒலி ஒன்று. எப்படி எழுதினால் என்ன?

மேல்ஸ்தாயி
சிம்பிள் ப்ரோ. மெலடி மேல ஏறினா ஷார்ப், கீழ இறங்கினா ஃப்ளாட். உங்க பாட்டு ஏறுற இடத்துல ஃப்ளாட் விழுந்திருக்கும், அதான் கோபம்.

கேபோ
என் கிட்டார்லயும் இதே பிரச்சினைதான். நாலாவது ஃப்ரெட்ல கேபோ போட்டு இ ஷேப் பிடிச்சா, ஜி ஷார்ப்னு சொல்றதா ஏ ஃப்ளாட்னு சொல்றதா? பாடுறவர் ஒண்ணு சொல்றார், பேஸ்காரர் ஒண்ணு சொல்றார்.

பழைய_பியானோ
கேபோ தம்பி, நீங்கள் கேட்பது கார்டுக்கு வாயால் என்ன பேர் சொல்வது என்பது. அங்கே எல்லோரும் ஒரே பேரைச் சொன்னால் போதும். இவர் கேட்பது தாளில் எழுதுவதைப் பற்றி.

மேல்ஸ்தாயி சொல்வது வெறும் அரை அரையாக நகரும் ஓட்டங்களுக்கு ஓரளவு பொருந்தும். மற்ற இடங்களில் காலை வாரிவிடும். பீத்தோவனின் "ஃபர் எலீஸ்" ஆரம்பத்தைப் பாருங்கள்: இ, டி ஷார்ப், இ, டி ஷார்ப், இ. முதல் அசைவே கீழ்நோக்கித்தான். ஆனாலும் இ ஃப்ளாட் என்று எழுதவில்லை.

காரணம் இதுதான். இ-யை இ ஃப்ளாட்டோடு மாற்றி மாற்றி எழுதினால், இரண்டும் ஸ்டாஃபில் ஒரே இடத்தில் நிற்கும். ஃப்ளாட், நேச்சுரல், ஃப்ளாட், நேச்சுரல் என்று ஒவ்வொரு சுரத்துக்கும் முன்னால் குறி போட்டுக்கொண்டே போக வேண்டும், ஏனென்றால் ஒரு முறை போட்ட குறி அந்த பார் முடியும்வரை செல்லும். டி ஷார்ப் என்றால் பாருக்கு ஒரு குறி போதும். மெலடி அசைவதும் கண்ணுக்குத் தெரியும்.

கறுப்புக்கட்டை, உங்கள் பாட்டில் இ செவன் கார்டு வருகிறதா?

கறுப்புக்கட்டை
வருது சார், ஒவ்வொரு வரி முடிவிலும். அங்கிருந்துதான் ஏ மைனருக்குத் திரும்புறேன்.

பழைய_பியானோ
அதைத் தாளில் பாருங்கள். இ, ஜி ஷார்ப், பி, டி நான்கும் ட்ரெபிள் க்ளெஃபின் கீழ்க்கோடு தொடங்கி அடுத்தடுத்த நான்கு கோடுகளில் உட்காரும். பழகிய கண் அந்த அடுக்கைப் பார்த்ததுமே செவன்த் கார்டு என்று கண்டுகொள்ளும், எழுத்துக் கூட்டிப் படிக்காது. ஜி ஷார்ப்பை ஏ ஃப்ளாட் ஆக்கினால் இரண்டாவது கோடு காலியாகிவிடும். ஏ, பி இரண்டும் அடுத்தடுத்து நெருங்கி, தலைகளைப் பக்கத்தில் பக்கத்தில் தள்ளி அச்சிட வேண்டியிருக்கும். கை அதே கட்டைகளைத்தான் அழுத்தும். கண்ணுக்கு அது வேறு ஏதோ கார்டு.

இன்னொன்று. ஏ மைனரில் அந்தக் கட்டை ஏழாவது சுரம், ஏ-யை நோக்கி ஏறத் துடிக்கிற சுரம். ஏழாவது எழுத்து ஜி, அதனால் ஜி ஷார்ப். எஃப் மைனரில் அதே கட்டை மூன்றாவது சுரம். எஃப், ஜி, ஏ என்று எண்ணினால் மூன்றாவது எழுத்து ஏ. ஆகவே அங்கே ஏ ஃப்ளாட்.

வீணைக்காரி
இது நமக்குப் புதுசே இல்லையே. சதுஸ்ருதி ரிஷபமும் சுத்த காந்தாரமும் ஒரே மெட்டுதான். கனகாங்கி ராகத்தில் ரி1-க்கு அடுத்து அந்த மெட்டைத் தொட்டால் "க" என்றுதான் பாடணும், "ரி" ஏற்கெனவே வந்தாச்சு. 72 மேளத்திலும் ஏழு எழுத்தும் ஒவ்வொன்றாக வந்தாகணும். பன்னிரண்டு இடத்துக்குப் பதினாறு பேர் வைத்ததே இதுக்காகத்தான்.

பழைய_பியானோ
மிகச் சரியான இணை. ஒரு வேறுபாடு மட்டும் உண்டு அம்மா. உங்களுக்கு ராகம் முடிவான பிறகு அந்த மெட்டின் பேர் மாறாது. இங்கே பாட்டின் நடுவில் கீ மாறினால் அதே கட்டையின் பேரும் நடுவழியில் மாறும்.

மிடி68
பழைய_பியானோ சார், இதற்குப் பின்னால் பெரிய தத்துவம் இருப்பதுபோல் சொல்கிறீர்கள். எனக்கு அந்தக் கட்டை மிடி எண் 68, அவ்வளவுதான். ஷோபானின் "மழைத்துளி" ப்ரெலூட், ஓபஸ் 28 எண் 15, எடுத்துக்கொள்வோம். டி ஃப்ளாட் மேஜரில் ஆரம்பிக்கிறது. துளி விழுவதுபோல் ஒரே சுரம் விடாமல் வருகிறது, அது ஏ ஃப்ளாட். நடுப்பகுதி சி ஷார்ப் மைனர். அங்கேயும் அதே கட்டை விடாமல் வருகிறது, இப்போது ஜி ஷார்ப். இரண்டு இடத்திலும் அது ஐந்தாவது சுரம், வேலையும் ஒன்றேதான். அப்படியானால் பேர் ஏன் மாறியது? படிக்க வசதி. வேறு காரணம் எதுவும் இல்லை.

பழைய_பியானோ
அந்த இடத்தில் நீங்கள் சொல்வது முழு உண்மை. டி ஃப்ளாட் மேஜருக்கு ஐந்து ஃப்ளாட். அதையே மைனராக மாற்றினால் எட்டு ஃப்ளாட் வேண்டும். இருப்பதோ ஏழு எழுத்து. பி-க்கு இரட்டை ஃப்ளாட் போட வேண்டிவரும். சி ஷார்ப் மைனர் என்றால் நாலே ஷார்ப்பில் முடிந்துவிடும். ஆகவே அந்தப் பெயர் மாற்றம் வசதிக்காகத்தான்.

ஆனால் அதே பகுதிக்குள் இன்னும் கொஞ்சம் பாருங்கள். சி ஷார்ப் மைனரின் ஐந்தாவது கார்டை ஜி ஷார்ப், பி ஷார்ப், டி ஷார்ப் என்று எழுதுகிறார். பி ஷார்ப்! கீபோர்டில் அது சாதாரண வெள்ளை சி கட்டை. வசதி ஒன்றுதான் கணக்கு என்றால் சி நேச்சுரல் என்று எழுதியிருக்கலாமே. எந்த கீயில் எழுதுவது என்பதை வசதி முடிவு செய்தது. அதற்குள் போன பிறகு ஏழாவது சுரத்துக்கு ஏழாவது எழுத்துதான்.

மிடி68
எழுதுகிற பழக்கம் அப்படி என்று ஒத்துக்கொள்கிறேன். கேட்பவர் காதுக்கு வித்தியாசம் உண்டா?

நாலாவது_விரல்
வயலின் வாசிக்கிறவள் நான். எங்களுக்கு விரலே மாறும். டி தந்தியில் ஜி ஷார்ப் என்றால் மூன்றாவது விரலை மேலே நீட்டி வைப்போம். ஏ ஃப்ளாட் என்றால் நான்காவது விரலைக் கீழே இழுத்து வைப்போம். ஏ, ஜி ஷார்ப், ஏ என்று எழுதினால் நாலு, மூணு, நாலு, சுகமாகப் போகும். ஏ ஃப்ளாட் போட்டால் அதே நாலாவது விரல் முன்னும் பின்னும் வழுக்க வேண்டும். உங்கள் வயலின்காரர் திருப்பிக் கொடுத்தது பிடிவாதத்தால் இல்லை.

ஒலியும் கொஞ்சம் மாறும். ஏ-யை நோக்கிப் போகிற ஜி ஷார்ப்பை நாங்கள் ஏ பக்கம் சற்று ஏற்றியே வைப்போம்.

பழைய_பியானோ
மெலடியில் அப்படித்தான். ஆனால் அதே ஜி ஷார்ப் நீண்டு நிற்கும் இ மேஜர் கார்டில் மூன்றாவது சுரமாக இருந்தால், அது இனிமையாகச் சேர கீபோர்டைவிடக் கொஞ்சம் தாழ்த்த வேண்டும். பழைய மீன்டோன் சுதியில் ஜி ஷார்ப் ஏ ஃப்ளாட்டைவிடத் தாழ்வாகவே இருந்தது, வித்தியாசம் அரை சுரத்தில் ஏறக்குறைய ஐந்தில் இரண்டு பங்கு. அந்த இரண்டுக்கும் கறுப்புக் கட்டையையே இரண்டாகப் பிளந்து செய்த வாத்தியங்களும் உண்டு.

நாலாவது_விரல்
நீண்டு நிற்கும் கார்டு என்றால் சரி. ஓடுகிற வரியில் ஏற்றித்தான் வைப்பேன்.

கறுப்புக்கட்டை
மியூஸ்கோரில் சுரத்தைத் தேர்ந்தெடுத்து `J` அழுத்தினால் மாறுது. இ செவன் எல்லாத்தையும் மாத்திட்டேன், கார்டு இப்போ கோட்டில் வரிசையாக நிற்குது. ஒரே ஒரு இடம் பாக்கி. பேஸ் ஏ-யிலிருந்து அரை அரையாக இ வரை இறங்குது. அங்கே?

மேல்ஸ்தாயி
இறங்குதுல்ல, ஃப்ளாட். ஏ, ஏ ஃப்ளாட், ஜி, ஜி ஃப்ளாட், எஃப், இ.

பழைய_பியானோ
ஏ, ஜி ஷார்ப், ஜி, எஃப் ஷார்ப், எஃப், இ. ஏ மைனர் ஏறும்போது பிறக்கிற சுரங்கள் ஜி ஷார்ப்பும் எஃப் ஷார்ப்பும். ஜி ஃப்ளாட் அந்த கீயில் எங்கிருந்தும் வராது. இந்த இறக்கத்தை ஷார்ப்பில் எழுதுவதுதான் வழக்கம்.

மேல்ஸ்தாயி
சார், படிக்கிறவனுக்கு இறங்குற வரியில ஷார்ப்பைப் பார்த்தா தடுக்கும். உங்க முறையில ஜி-க்கும் எஃப்-க்கும் நேச்சுரல் குறி வேற போடணும்.

பழைய_பியானோ
உங்கள் முறையிலும் குறி இரண்டு வரும் தம்பி, ஏ-க்கு ஒன்று, ஜி-க்கு ஒன்று. குறி கூடுதல் என்பது உண்மைதான். ஆனால் மேலே கைகள் இ செவன் வாசிக்கும்போது பேஸில் ஏ ஃப்ளாட் நின்றால், ஒரே கார்டில் அதே கட்டைக்கு இரண்டு எழுத்து விழும்.

கறுப்புக்கட்டை
பேஸ் ஜி ஷார்ப்பில் இருக்கும்போது மேலே இ செவன்தான் சார். அதை ஷார்ப் ஆக்கிடறேன். எஃப் ஷார்ப் இடத்துல மேலே கார்டு எதுவும் இல்லை, அதை பேஸ்காரர்கிட்டயே ரெண்டு விதமாவும் காட்டிக் கேட்கிறேன்.