புதுப்பிப்பு: கிராம்–ஷ்மிட்டில் செங்குத்து ஏன் விலகியது

"மூன்று வெக்டர்களை கிராம்–ஷ்மிட் முறையில் செங்குத்தாக்கினேன். QR பெருக்கினால் A சரியாக வருகிறது, ஆனால் q2·q3 = 0.5. எங்கே தவறு?"

சரி, காரணம் தெரிந்துவிட்டது. என் வெக்டர்கள் (1,e,0,0), (1,0,e,0), (1,0,0,e); e = 10⁻⁸. சுங்கை சிப்புட்டில் டியூஷன் எடுக்கும் அண்ணன் நேற்று ஒட்டுக்கடையில் உட்கார்ந்து தாளில் போட்டுக் காட்டினார். கணினியில் 1+e² வெறும் 1 ஆகிவிடுவதால் q1 = (1,e,0,0), q2 = (0,−1,1,0)/√2. நான் q2-வை மூல a3-உடன் பெருக்கினேன். 0 வந்தது, எதுவும் கழியவில்லை. q1-இன் பங்கைக் கழித்த மீதி v = (0,−e,0,e). அதனுடன் பெருக்கினால் e/√2.

```
r = q2 @ v   # முன்பு q2 @ a3
v = v - r*q2
```

இப்போது q3 = (0,−1,−1,2)/√6, q2·q3 = 0.

தோழி ஒருத்தி வட்டமாக்கல் பிழை என்றாள், அது சரி. வெக்டர்களின் வரிசையை மாற்றச் சொன்னாள். மாற்றினேன், அதே 0.5. ஸ்கேன் செய்யும் QR என்று நினைத்துப் பதில் எழுதிய தம்பிக்கும் நன்றி.

கழித்ததெல்லாம் R-இல் பதிவாகிவிடுவதால் QR எப்படியும் A-வைத் தரும். ஆகவே QᵀQ-வைத்தான் பார்க்க வேண்டும். அதில் q1·q2 இன்னும் −7×10⁻⁹. இன்னொரு சுற்று கழித்தால் போதும் என்கிறார் அண்ணன். நான் இன்னும் ஓட்டிப் பார்க்கவில்லை.