6,400 சொல் ஒப்புதல் படிவம்: எத்தனை நாள் கேட்பது, எவ்வளவு கேட்பது?

பொருநைக்கரை:
வணக்கம். இரண்டு ஆண்டுகளாக ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு மொழிபெயர்க்கிறேன். இதுவரை செய்தது பெரும்பாலும் தொண்டு நிறுவனச் செய்திமடல்கள். அதில் ஒரு நாளைக்கு 2,500 சொற்கள் வரை முடிப்பேன். இப்போது முதன்முறையாக ஒரு மருந்து ஆய்வுக்கான ஆவணங்கள் வந்திருக்கின்றன. நோயாளிக்கான தகவல் தாள் 4,200 சொற்கள், ஒப்புதல் படிவம் 700, நோயாளியால் கையெழுத்திட முடியாதபோது உறவினருக்குக் கொடுக்கும் படி 1,500. சொல்லுக்கு ஒன்றரை ரூபாய், நான்கு நாள் என்கிறார்கள். நாளை காலைக்குள் பதில் சொல்ல வேண்டும். ஒப்புக்கொண்டுவிட்டுத் திணறுவேனோ என்று பயமாக இருக்கிறது. எப்படிக் கணக்குப் போடுவது?

நெய்தல்:
கணக்கு எளிது. 6,400ஐ 2,500ஆல் வகுத்தால் இரண்டரை நாள். நான்கு நாள் தாராளம். மருத்துவம் என்பதால் வழக்கமான கட்டணத்துக்கு மேல் கொஞ்சம் கூட்டிக் கேளுங்கள். உறவினர் படியில் பாதிக்கு மேல் திரும்ப வரும் வரிகளாகத்தான் இருக்கும். அதற்குப் பணம் வேண்டாம் என்று நீங்களே சொன்னால் நல்ல பெயர் கிடைக்கும்.

வல்வெட்டி:
நான் யாழ்ப்பாணத்தில் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர். பிறப்புச் சான்றிதழ், திருமணப் பதிவு எல்லாவற்றுக்கும் பக்கக் கணக்கில்தான் வாங்குவேன். முத்திரைக்கும் கையெழுத்துக்கும் சேர்த்து ஒரே தொகை சொல்லிவிட்டால் பேரம் இல்லை. நீங்களும் பக்கத்துக்கு இவ்வளவு என்று கேட்டுப் பாருங்கோ.

பழைய பேனா:
வல்வெட்டி ஐயா, சான்றிதழ் அச்சடித்த படிவம். பெயரும் தேதியும்தான் மாறும். அங்கே பக்கக் கணக்கு பொருந்தும். இது அப்படிப்பட்டதில்லை.

பொருநைக்கரை, செய்திமடல் வேகத்தை இதற்குக் கொண்டுவராதீர்கள். பதில் சொல்லும் முன் ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகம் செலவழித்து ஒரு சோதனை செய்யுங்கள். தகவல் தாளின் முதல் பக்கத்தை எடுக்க வேண்டாம். அது எப்போதும் எளிதாகவே இருக்கும். நடுவில், ஆய்வு எப்படி நடக்கும் என்று விளக்கும் இடத்தில் ஒரு பத்தியையும், பயணப்படி, தொடர்பு எண் போன்றவை வரும் இடத்தில் ஒரு பத்தியையும் கடிகாரம் வைத்து மொழிபெயர்த்துப் பாருங்கள்.

அவர்களிடம் இரண்டு கேள்வி கேளுங்கள். ஒன்றரை ரூபாய் என்பது ஆங்கிலச் சொல்லுக்கா, தமிழ்ச் சொல்லுக்கா? உங்கள் தமிழை வேறொருவர் மீண்டும் ஆங்கிலமாக்கி மூலத்தோடு ஒப்பிடுவார்களா?

பொருநைக்கரை:
செய்து பார்த்தேன் அம்மா. நடுப்பகுதியில் 250 சொற்களுக்குச் சரியாக ஒரு மணி நேரம் ஆனது. அதில் ஒரே வாக்கியம் இருபது நிமிடத்தை விழுங்கிவிட்டது. நோயாளியை எந்தக் குழுவில் சேர்ப்பது என்பதை யாரும் தேர்ந்தெடுப்பதில்லை என்று சொல்ல வேண்டும். முதலில் 'சமவாய்ப்பு முறையில் ஒதுக்கப்படுவீர்கள்' என்று எழுதினேன். என் அம்மாவிடம் படித்துக் காட்டினேன். "ஏதோ வீடு ஒதுக்குகிறார்களா?" என்று கேட்டார். கடைசியில் 'நீங்கள் எந்தக் குழுவில் சேர்வீர்கள் என்பதை நீங்களோ மருத்துவரோ முடிவுசெய்ய மாட்டீர்கள். நாணயத்தைச் சுண்டிப் போட்டுப் பார்ப்பதுபோல அது அமையும்' என்று எழுதியபோதுதான் தலையாட்டினார்.

எளிய பகுதியில் 225 சொற்கள் அரை மணி நேரத்தில் முடிந்தன. புரட்டிப் பார்த்ததில், கடினமான பகுதி ஏறக்குறைய 1,700 சொற்கள் இருக்கும். கட்டணம் ஆங்கிலச் சொல்லுக்குத்தானாம். மீண்டும் ஆங்கிலமாக்கி ஒப்பிடுவார்கள். வேறுபாடுகளுக்கு நான் விளக்கம் தர வேண்டும் என்கிறார்கள்.

பழைய பேனா:
ஆங்கிலச் சொல்லுக்கு என்பது நல்ல செய்தி. வேற்றுமை உருபெல்லாம் சொல்லோடு ஒட்டிக்கொள்வதால் நம் மொழியில் சொல் எண்ணிக்கை குறையும். என் கோப்புகளில் 1,000 ஆங்கிலச் சொற்கள் 700 முதல் 800 தமிழ்ச் சொற்களாகவே வருகின்றன. தமிழை எண்ணியிருந்தால் இந்த 6,400 சொற்கள் 4,800 ஆகி, 9,600 ரூபாய் 7,200 ஆகியிருக்கும். அந்த வார்த்தையை மின்னஞ்சலில் எழுதி வாங்கிவிடுங்கள்.

இனி நேரம். கடினமான 1,700 சொற்களுக்கு 7 மணி நேரம். மற்ற 3,200 சொற்களை மணிக்கு 450 என்று வைத்தால் இன்னொரு 7 மணி நேரம். உறவினர் படிக்கு 2. ஆக, மொழிபெயர்ப்பு 16 மணி நேரம்.

நீங்கள் மறந்திருக்கக்கூடியது சரிபார்ப்பு. ஆங்கிலத்தையும் தமிழையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வரி வரியாகப் பார்த்தால் மணிக்கு 1,000 சொற்களுக்கு மேல் என்னால் போக முடிந்ததில்லை. அது ஆறரை மணி நேரம். பிறகு ஆங்கிலத்தை மூடிவிட்டுத் தமிழை மட்டும் வாய்விட்டுப் படிக்க இரண்டரை மணி நேரம் வையுங்கள். இதைத் தவிர்க்காதீர்கள். படிக்கத் தெரியாத நோயாளியிடம் ஒப்புதல் பெறும்போது நடுநிலைச் சாட்சி ஒருவர் உடனிருக்க வேண்டும் என்பது 2019ஆம் ஆண்டின் புதிய மருந்துகள், மருத்துவ ஆய்வு விதிகளில் இருக்கிறது. நீங்கள் எழுதுவதைப் பலர் காதால்தான் கேட்கப்போகிறார்கள்.

இதுவரை 25 மணி நேரம். ஒப்பிட்ட பிறகு வரும் கேள்விகளுக்கு ஒரு 3 மணி நேரம். 'தலைசுற்றல் வரலாம்' என்பதை அவசரத்தில் 'வரும்' என்று எழுதியிருந்தால் அங்கேதான் பிடிபடும். ஆனால் நீங்கள் சரியாகவே எழுதி, மீண்டும் ஆங்கிலமாக்கியவர் தவறாகப் புரிந்துகொண்ட இடங்களும் வரும். அவற்றைத் திருத்தாமல் விளக்கம் எழுதுவதற்குத்தான் அதிக நேரம் பிடிக்கும்.

மொத்தம் 28 மணி நேரம். ஒரு மணி நேரத்துக்கு நீங்கள் எதிர்பார்ப்பது எவ்வளவு?

பொருநைக்கரை:
400 ரூபாய்.

பழைய பேனா:
அப்படியானால் 11,200 ரூபாய். 6,400ஆல் வகுத்தால் சொல்லுக்கு 1.75. அவர்கள் சொல்லும் விலைக்குச் செய்தால் மணிக்கு 343 ரூபாய்தான் வரும். முதல் 25 மணி நேரத்தை, நாளுக்கு ஐந்து மணி நேரம் என்று வைத்தால் ஐந்து நாள். கரண்ட் போகும், காய்ச்சல் வரும், ஒரு நாள் கூட்டி ஆறு நாள் கேளுங்கள். கேள்விகளுக்கான 3 மணி நேரம் அதற்குப் பிறகு வருவது. அதைத் தனியாகச் சொல்லிவிடுங்கள்.

நெய்தல்:
சரிபார்ப்பை நான் கணக்கில் சேர்க்கவே இல்லை, உண்மைதான். ஆனால் உறவினர் படியில் திரும்ப வரும் வரிகளுக்கு முழு விலை கேட்பது எனக்கு நியாயமாகப் படவில்லை.

பழைய பேனா:
ஆங்கிலத்தில் ஒரு சொல்தான் மாறும். தமிழில் 'நீங்கள் மாத்திரை எடுத்துக்கொள்வீர்கள்' என்பது 'உங்கள் உறவினர் மாத்திரை எடுத்துக்கொள்வார்' ஆகிறது. ஒவ்வொரு வினையின் விகுதியையும் தொட வேண்டும். 'உங்களுக்கு', 'உங்கள்' என்று வருவது நோயாளியையா உறவினரையா என்று பார்க்க வேண்டும். ஒரு விகுதி விடுபட்டால் கையெழுத்திடும் உறவினரே மாத்திரை விழுங்குவதாக ஆகிவிடும். இரண்டு மணி நேரம் என்று நான் போட்டதே குறைவு. வாடிக்கையாளர் தள்ளுபடி கேட்டால், அந்த 1,500 சொற்களுக்கு மட்டும் கொஞ்சம் குறைக்கலாம். நாமே முந்திக்கொண்டு வேண்டாம் என்று சொல்ல மாட்டேன்.

பொருநைக்கரை:
மணிக்கணக்கை அப்படியே மின்னஞ்சலில் எழுதி அனுப்பினேன். ஆறு நாளுக்கு உடனே சம்மதித்தார்கள். விலை 1.65க்கு வந்து நின்றது: 10,560 ரூபாய். ஒப்புக்கொண்டேன்.

இன்னொரு சந்தேகம். நெறிமுறைக் குழு ஆங்கில மூலத்தையே திருத்தச் சொன்னால் படிவத்தின் அடுத்த பதிப்பு வருமாம். அந்தத் திருத்தத்தை இதே தொகைக்குள் செய்ய வேண்டும் என்கிறார்கள். சரியா?

பழைய பேனா:
உங்கள் பிழையைத் திருத்துவது இலவசம். அவர்கள் மூலத்தை மாற்றினால் அது புது வேலை. மாறிய வாக்கியங்களுக்கு மணிக்கணக்கில் கேளுங்கள், குறைந்தது ஒரு மணி நேரக் கட்டணம்.

நெய்தல்:
முதல் வேலையிலேயே அதைப் பிடித்து இழுத்தால் அடுத்தது வராது. ஒரு சுற்றுவரை இலவசம், அதுவும் 200 சொற்களுக்குள் என்று நான் எழுதியிருக்கிறேன். இதுவரை சிக்கல் வரவில்லை.

பொருநைக்கரை:
இரண்டையும் எழுதி வைத்திருக்கிறேன். எதை அனுப்புவது என்று இன்னும் முடிவுசெய்யவில்லை. பதில் திங்கட்கிழமைக்குள் போக வேண்டும்.